நாள்காட்டித் தாளில் எழுதிய சம்பளம்

வேலை போன முதல் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். டிபன் பாக்ஸ்கூட கையில் இருந்தது. எதிரில் டீக்கடை திறந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஏதோ பால் வாங்க வந்தவள் மாதிரி அவர் கடையிலேயே ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் இருந்தது.

குடிகாட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஆறு வருஷம் இருந்தேன். கடலூர் முதுநகரிலிருந்து வேனில் கால் மணி நேரம். எங்கள் பிரிவை மட்டும் மூடினார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கடைசி நாள் ஆளுக்கொரு சாதம் கட்டிக்கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிட்டோம். கணக்கு முடித்து ஒரு தொகையும், வேலையிலிருந்து விடுவித்த கடிதமும் கொடுத்தார்கள். சம்பளம் மாதம் பதினாலாயிரம். அந்தத் தொகையில் ஒரு மாதத்தை ஓட்டலாம், இழுத்துப் பிடித்தால் ஒன்றரை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு கவலைப்படுவது. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிறவளிடம் வேலை இல்லை என்ற விஷயத்தைக் கொடுத்தால் சும்மா விடுவாளா. முதல் வாரத்திலேயே பையனின் காலேஜ் வரைக்கும் கவலைப்பட்டு முடித்துவிட்டேன். பையன் நாலாவது படிக்கிறான்.

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதுநகரிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். அவருக்குக் கவலை என்றால் என்னவென்று சொல்லித்தான் தரவேண்டும். கம்பெனி மூடிவிட்டது என்று அழுதபோது, அப்பாடா, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, தினமும் சூடாகக் குழம்பு கிடைக்கும் என்றார்.

நான்காம் நாளே ஒரு வேலை வந்தது. அவருடைய தங்கை, என் நாத்தனார், சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறாள். அவள் முதலாளியிடம் பேசி எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டாள். மாதம் ஒன்பதாயிரம். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகவும் வரவும் தினமும் தொண்ணூறு ரூபாய். மாதக் கணக்கில் அது போனால் கைக்கு ஆறாயிரத்து எழுநூறு மிஞ்சும். பதினாலாயிரத்திலிருந்து ஆறாயிரத்து எழுநூறு. ஆனாலும் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். காரணம், அதைவிட்டால் என்ன இருக்கிறது என்ற கணக்கு. எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் தொழிலாளர் காப்பீட்டுக்குச் சந்தா பிடித்தார்கள். வேலை போனால் அதிலிருந்து கொஞ்ச காலத்துக்குப் பணம் வரும் என்று தெரியும். எவ்வளவு என்பதையும் எங்கள் வேனே சொல்லி வைத்திருந்தது. கால் சம்பளம். வேறு கம்பெனியில் வேலை போன ஓர் அக்கா சில வருஷம் முன்னால் வாங்கியிருந்தார். அவர் சொன்னது வேன் முழுக்க வேதம்.

கால் சம்பளம் என்றால் மூவாயிரத்து ஐந்நூறு. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நல்ல வேலைக்காகக் காத்திருக்க முடியும்? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன்: செலவு போகக் கைக்கு ஆறரை ஆயிரம் வந்தால் போதும். எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த எண்ணே என்னைப் பார்த்து முறைத்தது.

வீட்டுக்காரர் தாளை எட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"நானும் இப்புடித்தான். ஸ்டாண்டுல நிக்கறப்போ எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. காலையில ஆறு பேரு ஏறணும். ஆறாவது ஆளு ஏறுனதும் கெளம்பிடுவேன், ஏழாவது ஆளு ஓடி வர்றானான்னு திரும்பிப் பாக்க மாட்டேன். மத்தியானம்னா நாலு போதும்."

"மத்தியானம் ஏன் மாமா நாலு?"

"ஆளு வர நேரமாவும். அதுவரைக்கும் வெயில்ல நானில்ல வேவணும். நெழலு இருக்கற எடத்துல நிறுத்தியிருந்தா அஞ்சு வரைக்கும் பாப்பேன்."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடலூரில் இருக்கும் காப்பீட்டு ஆபீசுக்குப் போனேன். என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்கத்தான். கூடவே என் வேன் தோழியும் வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், வேனில் பக்கத்து சீட், என் ஊறுகாயில் பாதி அவளுக்குத்தான். கம்பெனிக்கு வந்து பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் கடிதத்தைப் படித்தார். கால் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"காலு இல்லம்மா. பாதி."

எனக்குக் கேட்டது, ஆனால் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்த அக்கா வேலை இழந்த காலத்தில் கால்தான். அதற்கப்புறம் விதியை மாற்றிப் பாதியாக்கிவிட்டார்கள். சந்தா பிடித்த சம்பளத்தின் தினசரிச் சராசரியில் பாதி. வேலை போய் முப்பது நாள் முடிந்த பிறகு கணினியில் பதிந்து, தாளை எடுத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் வேலை கிடைத்துச் சேர்ந்தால் அன்றோடு நின்றுவிடும். மொத்தமே தொண்ணூறு நாள்தான், வாழ்நாளுக்கும் அவ்வளவுதான்.

என் தோழியின் தாளையும் பார்த்தார். வேலை போவதற்கு முன்னால் இரண்டு வருஷமாவது காப்பீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும், இவளுக்கு அது இல்லை என்றார். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்ததோ என்னவோ, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். இவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள், எனக்கும் சேர்த்து.

பாதி என்றால் ஏழாயிரம். மூன்று மாதம். ஜவுளிக்கடையில் பதினொரு மணி நேரம் நின்று, பஸ்ஸில் போய் வந்து கைக்கு வருவது ஆறாயிரத்து எழுநூறு. வீட்டில் உட்கார்ந்து வேலை தேடினால் ஏழாயிரம். கணக்கு வராத எனக்கே இது வந்தது. ஆனால் சந்தோஷப்படவிடாமல் அடுத்த கவலை வந்து நின்றது. ஏழாயிரம் என்றென்றைக்கும் இல்லை. தொண்ணூறாம் நாளுக்கு அப்புறம் சைபர். அதற்குள் நல்லது ஒன்றும் வராவிட்டால், வந்த ஒன்றையும் விட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அன்று ராத்திரி புதுத் தாள் எடுத்தேன். இந்தப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வேன் பெண்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டிருந்தேன். எட்டாயிரத்திலிருந்து பதிமூன்றாயிரம் வரை. மாதத்துக்கு இரண்டு மூன்று சேதி காதுக்கு வரும். மூன்று மாதம் என்றால் ஏழெட்டு. ஏழெட்டில் ஒன்றாவது நல்லதாக இராதா? கைக்குப் பதினொன்றரை என்று எழுதினேன். ஆறரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் நான் ஒன்றும் கெட்டிக்காரி ஆகிவிடவில்லை. ஜன்னலில் ஒரு அம்மா பாதி என்று சொன்னார், அவ்வளவுதான் நடந்தது.

"நெழலுக்கு வந்துட்ட" என்றார் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை நாத்தனாருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவள் நிதானமாகச் சொன்னாள்.

"சரிங்க அண்ணி. கவருமெண்டு படியளக்குது, ராணி மாதிரி உக்காந்திருங்க. நான் மொதலாளி மூஞ்சில எப்புடி முழிக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டு உக்காருங்க."

சும்மா கொடுக்கவில்லை, ஆறு வருஷம் என் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் என் வாய்க்கு எப்போதும் அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும். அதற்குள் அவள் போனை வைத்திருந்தாள்.

என் தோழி அதற்குள் இறால் உரிக்கும் ஷெட்டில் சேர்ந்துவிட்டாள். எட்டாயிரம். முதலில் வந்த வேலை. யோசிக்கவே இல்லை. எனக்கு மனசு உறுத்தியது. அவள் என்னைவிட வேகமாகப் பேக்கிங் செய்வாள், தமிழும் இங்கிலீஷும் படிப்பாள். அவளுக்குப் பத்து கிடைக்க வேண்டும், பன்னிரண்டுகூடக் கிடைக்கும். ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற நாளுக்குச் சோறு வேண்டும். அதைத்தான் அவள் சொன்னாள், வேறு மாதிரி. "ஒங்களுக்கு மெத்தை இருக்கு அக்கா, நிதானமா குதிக்கலாம். நான் தரையைப் பாத்துத்தான் எறங்கணும்." சொல்லிவிட்டு, ஷெட்டில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் இரண்டு அளவு பெரிது, நடந்தால் தவளை சத்தம் வருகிறது என்று நடந்து காட்டினாள். இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம்.

முப்பது நாள் முடிந்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன், நாலாவது முறை ஜன்னல் அம்மா தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதுவரை கம்பெனி கொடுத்த தொகையில் ஓடியது. பணம் பாங்கில் ஏறிய சேதி போனில் வந்தபோது ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

அதற்கு முந்தின வாரம் ஒரு சோதனை வந்தது. கடலூரிலேயே ஒரு மருந்துக் குடோனில் ஒன்பதரை ஆயிரம். நடந்து போகிற தூரம். என் தாளில் பதினொன்றரை. ராத்திரி எல்லாம் புரண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், ஸ்டாண்டில் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருக்கும்போது நீ கிளம்பாமல் இருந்து, அந்த நாலு பேரும் இறங்கிப் போனது உண்டா என்று. எத்தனையோ முறை என்றார். அப்போது என்ன செய்வாய் என்றேன். "டீ குடிப்பேன்" என்றார்.

நாத்தனார் பதினைந்து நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள், கையில் அரை கிலோ மைசூர்பாகோடு. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. நடந்தது இது. நான் வேண்டாம் என்றதும் முதலாளி இவள் மூலமாக எங்கள் வேனிலிருந்தே இன்னும் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறார். அவர்களும் என்னைப் போலப் பாதிச் சம்பளம் வரப்போகிறவர்கள், மாட்டேன் என்றிருக்கிறார்கள். பண்டிகை விற்பனை நெருங்குகிறது, ஆள் இல்லை. ஒன்பதைப் பத்தாக்கினார். புதிதாக வருகிறவளுக்குப் பத்து என்றால் ஏழு வருஷமாக இருக்கிற எனக்கு என்ன என்று இவள் கேட்டிருக்கிறாள். இவளுக்கும் ஆயிரம் ஏறிவிட்டது.

"நீங்க ராணியாவே இருங்க அண்ணி. ஒங்களால எனக்கு ஆயிரம் ஜாஸ்தி."

பத்துக்காவது வருகிறீர்களா என்றும் கேட்டாள், கடமைக்கு. பஸ் போகக் கைக்கு ஏழாயிரத்து எழுநூறுதான். மாட்டேன் என்றேன், இந்த முறை தயங்காமல். அந்த இடத்துக்குச் சிதம்பரத்தை ஒட்டிய கீரப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாள். அவளுக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பத்தும் அப்படியே கைக்கு. எனக்கு ஆகாதது அவளுக்கு நல்ல வேலையாக இருந்தது. இதில் யாரும் முட்டாள் இல்லை.

இரண்டாம் மாதம் முடிந்தது. நல்ல சேதி ஒன்றும் வரவில்லை. இங்கேதான் என் கவலை முதல் முறையாக உபயோகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுத் தாள் கிழித்து எத்தனை நாள் பாக்கி என்று எண்ணுவேன். பாக்கி நாள் குறையக் குறைய, இன்னும் வரக்கூடிய சேதிகளும் குறைகின்றன, அந்தப் பக்கம் சைபர் கிட்டத்தில் வருகிறது. அப்போதும் பதினொன்றரை என்று பிடிவாதமாக நின்றால் அதற்குப் பெயர் வீம்பு. பதினொன்றரையைப் பதினொன்றாக்கினேன். அடுத்த வாரம் பத்தரை. அதற்கடுத்து பத்து. ஒவ்வொரு முறை எழுதும்போதும் வலித்தது. வீட்டுக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுது என்பார்.

பன்னிரண்டாம் வாரத் தாளில் ஒன்பதரை என்று இருந்தது. நான் நடந்து போகிற தூரத்தில் விட்டுவந்த அதே ஒன்பதரை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் தாளை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

புதன்கிழமை எங்கள் பழைய வேன் டிரைவர் போன் செய்தார். அவரும் எங்களோடு சேர்ந்து வேலை இழந்து, வேறொரு கம்பெனிக்கு வேன் ஓட்டப் போயிருந்தார். குடிகாட்டுப் பக்கமே. அங்கே பேக்கிங்குக்கு அனுபவமுள்ள பெண்கள் இரண்டு பேர் வேண்டும், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள் என்றார். அவருக்குச் சம்பளம் தெரியவில்லை. இன்னொரு ஆளுக்கு யாரைச் சொல்வது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, என் தோழி பெயரைச் சொன்னேன். அவள் இறால் ஷெட்டில் அரை நாள் லீவு கேட்டாள்.

மறுநாள் எட்டரைக்கு வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏறினேன். முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் நான் மட்டும். ஸ்டாண்டில் நிற்காமல் நேரே போனார். காலை நேரம், ஆறு பேர் ஏற வேண்டிய வண்டி. உன் நம்பர் என்ன ஆனது என்று கேட்டேன். இன்றைக்கு நீ தாமதமாகப் போனால் சாயங்காலம் வரைக்கும் புலம்புவாய், அந்தச் சத்தத்துக்கு ஆறு பேர் காசு பத்தாது என்றார். வழியில் என் தோழியும் ஏறினாள். காலில் செருப்பு, தவளை சத்தம் இல்லை.

அங்கே மேலாளர் ஒரு பெண். கடிதங்களைப் பார்த்தார், எங்கள் கையில் இரண்டு அட்டைப் பெட்டியைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். என் தோழி எனக்கு முன்னால் மடித்து முடித்தாள். இதற்கு முன் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டார். பதினாலு என்றேன். உதட்டைப் பிதுக்கினார். என் கண்ணுக்கு முன்னால் அரிசி டப்பா வந்து நின்றது.

"எங்களால பதினொண்ணுதான் முடியும். வேன் உண்டு, காப்பீடு பிடிப்போம், மதியம் சாப்பாடு..."

"சரிங்க மேடம்" என்றேன்.

அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. சாப்பாடு தருகிறார்களா, நாமே கொண்டு வர வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. என் தோழி என் காலை மிதித்தாள். அதற்குள் ஆகிவிட்டது. அவளும் சரி என்றாள். அவளுக்கு எட்டிலிருந்து பதினொன்று. அவள் சரி சொன்ன விதத்தில் ஒரு சின்ன நடனம் இருந்தது.

இதே பதினொன்று முதல் மாதத்தில் வந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், தாளில் பதினொன்றரை இருந்தது. கால் சம்பளம்தான் என்று நம்பியே இருந்திருந்தால், இது வரும்போது நான் கீழவீதியில் நின்று யாருக்கோ புடவை விரித்துக்கொண்டிருந்திருப்பேன். பாக்கி இருந்த நாட்களுக்கு இனிப் பணம் வராது. போகட்டும். அதற்காக வேலையைத் தள்ளிப்போட்டால் அது நிழலுக்காக நிழலில் நிற்பது.

வெளியே வந்தோம். ஆட்டோ வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. சொன்னேன். பதினொன்று, வேன், காப்பீடு. சிரித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாவது நிமிஷம் எனக்குக் கவலை வந்துவிட்டது.

"மாமா, கொஞ்சம் பேசாம இருந்திருந்தா பன்னெண்டு குடுத்திருப்பாங்களோ?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பக்கத்தில் என் தோழி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆளு ஏறியாச்சு. திரும்பிப் பாக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

திரும்பிப் பார்த்தேன், ஒரே ஒரு முறை. மதியச் சாப்பாடு நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்று அன்று சாயங்காலம் வேன் டிரைவர் சொன்னார். ஊறுகாய் பாட்டிலைப் பெரிதாக எடுத்து வைத்தேன்.